மனசில் வைத்த ஐந்து எங்கே போகிறது?

ஈரிலக்க எண்கள் இரண்டைப் பெருக்கச் சொன்னால் நம்மில் பெரும்பாலானோர் கை தானாக ஒரு வேலையைச் செய்யும். ஓர் எண்ணுக்குக் கீழே இன்னோர் எண்ணை எழுதி, அடியில் கோடு போட்டு, வலப்பக்கத்திலிருந்து பெருக்கத் தொடங்கிவிடுவோம். இரண்டாவது வரிக்கு வந்ததும் வலது ஓரத்தில் ஒரு பெருக்கல் குறியோ பூஜ்யமோ போடுவோம். அதை ஏன் போடுகிறோம் என்று பலர் கேட்டதே இல்லை. ஆசிரியர் போடச் சொன்னார், போட்டோம்.

இப்போது சில பிள்ளைகள் அதே கணக்கை வேறு மாதிரி செய்கிறார்கள். சதுரம் வரைந்து அதை நான்கு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் குறுக்கே ஒரு சாய்கோடு இழுத்து, கட்டங்களில் எண்களை நிரப்பி, கடைசியில் சாய்வாகக் கூட்டி விடை சொல்கிறார்கள். லாட்டிஸ் முறை என்றும் கட்ட முறை என்றும் இதற்குப் பெயர். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இது ஏதோ வித்தை போலத் தெரிகிறது. விடை சரியாக வருகிறது, ஆனால் ஏன் வருகிறது என்பது பிடிபடுவதில்லை. ஒரு கணக்கை இரண்டு முறையிலும் போட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது பிடிபட்டுவிடும்.

68-ஐ 47-ஆல் பெருக்குவோம்.

ஒரு சதுரத்தை இரண்டு வரிசை, இரண்டு நிரலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மேலே, இடது நிரலுக்கு 6, வலது நிரலுக்கு 8 என்று எழுதுங்கள். வலப்பக்க ஓரத்தில், மேல் வரிசைக்கு 4, கீழ் வரிசைக்கு 7. அதாவது 47 என்ற எண் மேலிருந்து கீழாக இறங்குகிறது. பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் மேல் வலது மூலையிலிருந்து கீழ் இடது மூலைக்கு ஒரு சாய்கோடு. இப்போது ஒவ்வொரு கட்டமும் இரண்டு முக்கோணமாகிவிட்டது.

இனி வேண்டியது வாய்ப்பாடு மட்டும்தான். ஒரு கட்டத்துக்கு மேலே என்ன எண், வலப்பக்கம் என்ன எண் என்று பார்த்து, இரண்டையும் பெருக்கி அந்தக் கட்டத்தில் எழுத வேண்டும். பத்தாம் இட இலக்கம் மேல் முக்கோணத்தில், ஒன்றாம் இட இலக்கம் கீழ் முக்கோணத்தில். ஆறு நான்கு இருபத்து நான்கு, எட்டு நான்கு முப்பத்திரண்டு, ஆறு ஏழு நாற்பத்திரண்டு, எட்டு ஏழு ஐம்பத்தாறு. நிரப்பி முடித்ததும் கட்டம் இப்படி இருக்கும்:

```
      6     8
   +-----+-----+
   | 2 / | 3 / |
   | / 4 | / 2 |  4
   +-----+-----+
   | 4 / | 5 / |
   | / 2 | / 6 |  7
   +-----+-----+
```

இந்த நான்கு பெருக்கல்களை எந்த வரிசையில் செய்தாலும் ஒன்றுதான். தெரிந்த வாய்ப்பாட்டை முதலில் போட்டுவிட்டு, தடுமாறும் ஒன்றைக் கடைசியில் போடலாம். எதையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை.

பெருக்கல் முடிந்தது. இனிக் கூட்டல். சாய்கோடுகள் கட்டத்தைச் சாய்வான பட்டைகளாகப் பிரித்திருக்கின்றன. கீழ் வலது மூலையிலிருந்து தொடங்குவோம். முதல் பட்டையில் 6 மட்டும் தனியாக இருக்கிறது. அதன் கீழே 6 என்று எழுதுகிறோம். அடுத்த பட்டை மேல் வலது கட்டத்தின் 2, அதன் கீழுள்ள கட்டத்தின் 5, இடப்பக்கக் கட்டத்தின் 2 ஆகியவற்றைத் தொட்டுக்கொண்டு இறங்குகிறது. கூட்டினால் 9. மூன்றாவது பட்டையில் 3, 4, 4 இருக்கின்றன. கூட்டினால் 11. ஒன்றை எழுதி, மற்றொன்றை அடுத்த பட்டைக்கு ஏற்றுகிறோம். கடைசிப் பட்டையில் தனியாக இருக்கும் 2, ஏறி வந்த ஒன்றோடு சேர்ந்து 3 ஆகிறது. சதுரத்தின் இடப்பக்கம் மேலிருந்து இறங்கி, அப்படியே அடிப்பக்கமாக வலதுக்குப் படித்தால் 3, 1, 9, 6. விடை 3196.

இப்போது அதே கணக்கு நமக்குப் பழகிய முறையில்:

```
      6 8
    × 4 7
  -------
    4 7 6
  2 7 2 0
  -------
  3 1 9 6
```

இதைப் போடும்போது நாம் முணுமுணுக்கும் சொற்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். எட்டு ஏழு ஐம்பத்தாறு, ஆறு போட்டு மனசில் ஐந்து. ஆறு ஏழு நாற்பத்திரண்டு, மனசில் இருக்கிற ஐந்தைச் சேர்த்தால் நாற்பத்தேழு. வரி 476.

அந்த “மனசில் ஐந்து” எங்கே இருக்கிறது என்று கட்டத்தில் தேடிப் பாருங்கள். கீழ் வரிசையின் வலதுகட்டத்தில், 56-இன் மேல் முக்கோணத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. அதோடு ஒரே பட்டையில், இடப்பக்கக் கட்டத்தின் கீழ் முக்கோணத்தில் 42-இன் 2 இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 7. அதாவது கீழ் வரிசையை மட்டும் தனியே எடுத்துச் சாய்வாகக் கூட்டினால் 4, 7, 6 என்று வருகிறது. நீள்பெருக்கலின் முதல் வரி அப்படியே இதுதான்.

மேல் வரிசையையும் இப்படிப் பாருங்கள். 24, 32 என்ற இரண்டு கட்டங்கள். சாய்வாகக் கூட்டினால் 2, நான்கும் மூன்றும் ஏழு, 2. அதாவது 272. பழகிய முறையில் எட்டு நான்கு முப்பத்திரண்டு, இரண்டு போட்டு மனசில் மூன்று என்று சொல்லி நாம் பெற்ற இரண்டாவது வரி. அங்கே மனசில் வைத்த 3 இங்கே 32-இன் மேல் முக்கோணத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

கட்டத்தின் ஒவ்வொரு கிடை வரிசையும் நீள்பெருக்கலின் ஒரு வரி. வித்தியாசம் ஒன்றுதான். நீள்பெருக்கலில் ஏற வேண்டிய எண்ணை அந்தந்த இடத்திலேயே, பெருக்கிய கையோடு சேர்த்துவிடுகிறோம். கட்ட முறையில் அதை எழுதி வைத்துவிட்டு, சேர்க்கும் வேலையைக் கடைசிக்குத் தள்ளிப்போடுகிறோம்.

அந்தப் பூஜ்யம் அல்லது பெருக்கல் குறி என்ன ஆயிற்று என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. நீள்பெருக்கலில் இரண்டாவது வரியை ஓரிடம் இடப்பக்கம் தள்ளி எழுதுவதற்குக் காரணம், அங்கே நாம் பெருக்குவது வெறும் 4-ஆல் அல்ல, 40-ஆல் என்பது. ஆகவே 272 என்பது உண்மையில் 2720. கட்டத்தில் இந்தத் தள்ளலைச் சாய்வுப் பட்டைகள் செய்துவிடுகின்றன. கீழ் வரிசையின் கடைசி இலக்கமான 6 முதல் பட்டையில் விழுகிறது. மேல் வரிசையின் கடைசி இலக்கமான 2 முதல் பட்டைக்கு வருவதே இல்லை. இரண்டாவது பட்டையில்தான் விழுகிறது. யாரும் குறி போடாமலே ஓரிடம் நகர்ந்துவிட்டது.

ஏன் சாய்வாகக் கூட்ட வேண்டும் என்பதற்கான காரணமும் இங்கேதான் இருக்கிறது. எண்களை அவற்றின் உண்மையான மதிப்போடு சொல்லிப் பார்ப்போம். 68 என்பது 60-ம் 8-ம். 47 என்பது 40-ம் 7-ம். ஆகவே மேல் இடது கட்டம் 60-ஐ 40-ஆல் பெருக்கிய 2400. மேல் வலது கட்டம் 8-ஐ 40-ஆல் பெருக்கிய 320. கீழ் இடது கட்டம் 60-ஐ 7-ஆல் பெருக்கிய 420. கீழ் வலது கட்டம் 56. நான்கையும் கூட்டினால் 3196.

இந்த நான்கு மதிப்புகளையும் கட்டத்தில் பொருத்திப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்தால், மேலே இருக்கும் இலக்கம் ஒன்றாம் இடத்திலிருந்து பத்தாம் இடத்துக்குப் போகிறது. இடமதிப்பு பத்து மடங்கு ஏறுகிறது. ஒரு கட்டம் கீழே இறங்கினால், வலப்பக்க இலக்கம் பத்தாம் இடத்திலிருந்து ஒன்றாம் இடத்துக்கு வருகிறது. இடமதிப்பு பத்தில் ஒரு பங்காகிறது. ஒரே நேரத்தில் இடப்பக்கமும் கீழ்ப்பக்கமும் போனால், அதாவது சாய்வாக இறங்கினால், ஏறியதும் இறங்கியதும் ஈடாகிவிடும். இடமதிப்பு மாறாது. ஒரு சாய்வுப் பட்டையில் இருக்கும் இலக்கங்கள் எல்லாம் ஒரே இடமதிப்பு உடையவை என்பது இதனால்தான். 8-ஐ 40-ஆல் பெருக்கிய 320-இல் உள்ள 2 இருபது. 56-இல் உள்ள 5 ஐம்பது. 420-இல் உள்ள 2 இருபது. மூன்றுமே பத்துகள் என்பதால் ஒரே பட்டையில் இருக்கின்றன, கூட்டினால் தொண்ணூறு. நீள்பெருக்கலில் ஒரே நேர்கோட்டில் நிற்கும் பத்தாம் இடம், இங்கே சாய்ந்து நிற்கிறது.

மேலே எடுத்த கணக்கில் ஏற்றுவது அதிகமில்லாததால் எல்லாம் எளிதாகப் பொருந்தியது. கொஞ்சம் முரண்டுபிடிக்கும் கணக்கு ஒன்றையும் பார்த்துவிடலாம். 67-ஐ 48-ஆல் பெருக்கினால் மேல் வரிசையில் 24, 28. கீழ் வரிசையில் 48, 56. பத்துகளின் பட்டையில் 8, 5, 8 இருக்கின்றன. கூட்டினால் 21. ஒன்றை எழுதி, இரண்டை நூறுகளின் பட்டைக்கு ஏற்றுகிறோம். அங்கே 4, 2, 4, ஏறிய 2 சேர்ந்து 12. கடைசியில் விடை 3216.

நீள்பெருக்கலில் பத்தாம் இடத்திலிருந்து இரண்டு ஏறியதாக நினைவில்லையே என்று தோன்றலாம். அது இரண்டு தவணையாக ஏறுகிறது. 67-ஐ 8-ஆல் பெருக்கும்போது ஆறு எட்டு நாற்பத்தெட்டு, மனசில் இருக்கும் ஐந்தோடு ஐம்பத்து மூன்று என்கிறோம். எட்டும் ஐந்தும் பதின்மூன்றாகி அந்த இடத்திலேயே ஒன்று ஏறிவிட்டது. பிறகு 536, 2680 என்ற இரண்டு வரிகளைக் கூட்டும்போது பத்தாம் இடத்தில் மூன்றும் எட்டும் பதினொன்றாகி இன்னோர் ஒன்று ஏறுகிறது. அங்கே ஒன்றும் ஒன்றுமாகப் பிரிந்து ஏறியது, இங்கே இரண்டாக ஒரே தடவையில் ஏறுகிறது. கணக்கில் எதுவும் கூடவுமில்லை, குறையவுமில்லை.

இந்தக் கட்டம் புதிய கல்வித் திட்டம் எதுவும் கண்டுபிடித்தது அல்ல. எங்கே முதலில் தோன்றியது என்பதில் வரலாற்றாசிரியர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் இடைக்கால அரபுக் கணித நூல்களில் இது உண்டு. இந்தியாவில் பாஸ்கரரின் லீலாவதிக்கு 16ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய கணேசரும் இதை விளக்கியிருக்கிறார். ஐரோப்பாவில் தேதியோடு அச்சான கணக்குப் புத்தகங்களில் நமக்குத் தெரிந்து மிகப் பழையது, 1478-இல் வெனிஸ் நகருக்கு அருகிலுள்ள திரெவீசோவில் வெளியானது. ஆசிரியர் பெயர் இல்லாத அந்தப் புத்தகம் வணிகத்தில் இறங்க விரும்புவோருக்காக, அவர்கள் பேசிய மொழியிலேயே எழுதப்பட்டது. அதில் 934-ஐ 314-ஆல் பெருக்கும் கணக்கு ஒன்று பல வடிவங்களில் போட்டுக் காட்டப்பட்டிருக்கிறது. அவற்றில் சாய்கோடு போட்ட கட்டமும் உண்டு. விடை 293276. மூன்று இலக்கம் என்பதால் கட்டங்கள் ஒன்பது, பட்டைகள் ஆறு. மற்றபடி நாம் செய்த அதே வேலைதான்.

அந்த வணிகர்கள் காலத்துக்கு ஏறத்தாழ 140 ஆண்டுகள் கழித்து, ஸ்காட்லாந்துக்காரரான ஜான் நேப்பியர் இந்தக் கட்டத்தின் நிரல்களைத் தனித்தனிக் குச்சிகளாக வெட்டினார். மடக்கையைக் கண்டுபிடித்த அதே நேப்பியர்தான். ஒவ்வொரு குச்சியிலும் ஓர் எண்ணின் வாய்ப்பாடு மேலிருந்து கீழாக, சாய்கோட்டால் பிரித்த கட்டங்களில் பொறிக்கப்பட்டிருக்கும். 68 வேண்டுமென்றால் ஆறாம் வாய்ப்பாட்டுக் குச்சியையும் எட்டாம் வாய்ப்பாட்டுக் குச்சியையும் ஒட்டி வைத்து, ஏழாவது வரிசையைப் பார்த்தால் போதும். 42, 56 என்று இரண்டு கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். சாய்வாகக் கூட்டினால் 476. வாய்ப்பாடு தெரியாதவரும் கூட்டத் தெரிந்தால் பெருக்கிவிடலாம். அவர் இறந்த ஆண்டான 1617-இல் வெளியான அவருடைய நூல் இந்தக் குச்சிகளை விளக்குகிறது. நேப்பியரின் எலும்புகள் என்று அவை பெயர் பெற்றன. கட்டத்தின் ஒரு வரிசையும் நீள்பெருக்கலின் ஒரு வரியும் ஒன்றே என்பதற்குக் கையில் எடுத்துக் காட்டக்கூடிய சாட்சி இதைவிட வேறில்லை.

பிறகு ஏன் இந்த முறை வழக்கொழிந்தது? ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில், சாய்கோடு போட்ட கட்டங்களுக்குள் எண்களை அடுக்குவது சிரமம் என்பது வரலாற்றாசிரியர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. எழுதுகிறவருக்கும் அதே சிரமம் உண்டு. ஒவ்வொரு கணக்குக்கும் முதலில் படம் வரைய வேண்டும். பெருக்கல்களின் எண்ணிக்கையோ இரண்டு முறையிலும் நான்கேதான். ஆகவே கட்ட முறை வேகமானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழகிய கைக்கு நீள்பெருக்கலே சீக்கிரம் முடியும்.

கட்டத்தின் உண்மையான பலன் வேறு. பெருக்குவதையும் கூட்டுவதையும் அது தனித்தனி வேலையாகப் பிரித்துவிடுகிறது. நீள்பெருக்கலில் பிள்ளை ஒரே மூச்சில் பெருக்க வேண்டும், ஏறும் எண்ணை நினைவில் வைக்க வேண்டும், சேர்க்க வேண்டும், மறுபடி பெருக்க வேண்டும். தவறு வந்தால் அது வாய்ப்பாட்டில் வந்ததா, ஏற்றியதில் வந்ததா என்று விடைத்தாளைப் பார்த்துச் சொல்வது கடினம். கட்டத்தில் அது பளிச்சென்று தெரியும். எட்டு ஏழு ஐம்பத்து நான்கு என்று போட்டிருந்தால் அந்தக் கட்டம் மட்டும் தவறு. கட்டங்கள் எல்லாம் சரியாக இருந்து விடை தவறினால் கூட்டலில் கோளாறு. வாய்ப்பாட்டில் தடுமாறும் குழந்தை யார், ஏற்றுவதில் தடுமாறும் குழந்தை யார் என்று ஆசிரியருக்கு இதைவிடத் தெளிவாகக் காட்டும் முறையை நான் பார்த்ததில்லை.

இந்த முறைக்கே உரிய தவறுகளும் உண்டு. பெருக்கல் விடை ஓரிலக்கமாக வரும்போது மேல் முக்கோணத்தில் பூஜ்யம் போட மறப்பது முதலாவது. 23-ஐ 14-ஆல் பெருக்கும்போது மூன்று ஒன்று மூன்று. இதை மேல் முக்கோணத்தில் 0, கீழ் முக்கோணத்தில் 3 என்று எழுத வேண்டும். அந்த 3-ஐத் தவறிப்போய் மேல் முக்கோணத்தில் போட்டுவிட்டால் பத்துகளின் பட்டையிலிருந்து நூறுகளின் பட்டைக்கு அது தாவிவிடும். 322 வரவேண்டிய இடத்தில் 592 வரும். இருபதைப் பதினான்கால் பெருக்கினால் 280. விடை அதற்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டு வைத்திருக்கும் பிள்ளை 592-ஐப் பார்த்ததும் நின்றுவிடும்.

இன்னொன்று, வலப்பக்க எண்ணைக் கீழிருந்து மேலாக எழுதிவிடுவது. 47-ஐ அப்படி எழுதினால் மேல் வரிசைக்கு 7, கீழ் வரிசைக்கு 4 என்றாகும். நான்கு கட்டங்களிலும் பெருக்கல் சரியாகவே இருக்கும், கூட்டலும் சரியாகவே இருக்கும். ஆனால் விடை 5032. அது 68-ஐ 74-ஆல் பெருக்கிய கணக்கின் சரியான விடை. ஒன்பதால் மீதி பார்க்கும் பழைய சோதனை இந்தத் தவறைப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 47-க்கும் 74-க்கும் இலக்கங்கள் ஒன்றே என்பதால் ஒன்பதால் வகுத்தால் மீதியும் ஒன்றே. கடைசி இலக்கத்தைப் பார்ப்பதுதான் இங்கே கைகொடுக்கும். 8-ஐயும் 7-ஐயும் பெருக்கினால் 56, ஆகவே விடை 6-இல் முடிய வேண்டும். 2-இல் முடிந்தால் எண் தலைகீழாக நிற்கிறது என்று பொருள்.

கட்ட முறையைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. எண்களின் பருமனை அது மறைத்துவிடுகிறது. மேல் இடது கட்டத்தில் 24 என்று எழுதும் பிள்ளைக்கு, தான் எழுதியது 2400 என்று தெரியாமலே கணக்கு முடிந்துவிடும். கோடு இழு, நிரப்பு, சாய்வாகக் கூட்டு என்று மூன்று கட்டளைகளாக மட்டும் இதைச் சொல்லிக் கொடுத்தால், காரணம் தெரியாமல் பெருக்கல் குறி போட்ட நம் தலைமுறையின் கதைதான் வேறு உருவத்தில் தொடரும். கட்டம் போடத் தொடங்கிய முதல் சில கணக்குகளிலாவது ஒவ்வொரு கட்டத்தின் பக்கத்திலும் 2400, 320, 420, 56 என்று முழு மதிப்பையும் பிள்ளை எழுதட்டும். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

உங்கள் வீட்டில் கட்டம் போட்டுப் பெருக்கும் பிள்ளை இருந்தால், இன்று மாலை ஒரு கணக்கை ஆளுக்கொரு முறையில் போட்டுப் பாருங்கள். 57-ஐ 83-ஆல் பெருக்குவது என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் நீள்பெருக்கலில் மனசில் வைக்கும் எண்களை ஓரமாக எழுதி வாருங்கள். முதல் வரிக்கு 2, இரண்டாவது வரிக்கு 5 வரும். அவை இரண்டும் கட்டத்தில் எந்த முக்கோணங்களில் இருக்கின்றன என்று பிள்ளையைத் தேடிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு உங்கள் 171-ஐயும் 456-ஐயும் கட்டத்தின் இரண்டு வரிசைகளிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். இருவருக்கும் வரவேண்டிய விடை 4731.